ஜிமெயிலுக்கு ஆத்தென்டிகேட்டர் போட்டவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

செந்தூல்வாசி:
அம்மா அடுத்த மாதம் பினாங்கிலிருந்து திருச்சிக்குப் போகிறார். அங்கே இந்திய சிம்தான் போடுவார். இங்குள்ள ப்ரீபெய்ட் எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீட்டை எப்படிப் பார்ப்பது? அதனால் ஆப்புக்கு மாற்றப் போகிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் மாலா:
ரொம்பச் சுலபம் தம்பி. ஆப்பைப் போட்டு கியூஆரை ஸ்கேன் பண்ணினா போதும். எஸ்எம்எஸ் தானா நின்னுடும்.

பழைய டெக்னீஷியன்:
நிற்காது அக்கா. அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதலில் ஆப்பைத்தான் கேட்கும், ஆனால் "Try another way" அழுத்தினால் பழைய எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணில் வேறொருவன் சிம் எடுத்துவிட்டால் ஆப் இருந்தும் பயனில்லை. எண்ணை நாமே நீக்க வேண்டும், அதுவும் கடைசியில்.

தம்பி, கணினியில் myaccount.google.com திறந்து, Security பகுதியில் 2-Step Verification, அதற்குள் Authenticator. கியூஆரை அம்மாவின் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, ஆப் காட்டும் 6 இலக்கத்தை அடித்தால் இணைந்துவிடும். பிறகு Backup codes எடுத்துத் தாளில் எழுதுங்கள். பத்து எண்கள் வரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அம்மாவின் கைப்பேசி தொலைந்தால் அதுதான் வழி, ஆகவே தாளைக் கைப்பேசி உறைக்குள் வைக்காதீர்கள்.

அடுத்து சோதனை. திறந்திருக்கும் கணக்கை மூடாமல் இன்காக்னிட்டோ ஜன்னலில் உள்ளே நுழைந்து பாருங்கள். வழக்கமான ஜன்னலில் நம்பகமான கணினி என்று நினைத்து குறியீடே கேட்காமல் விட்டுவிடும். ஆப்பின் குறியீடு ஏற்கப்பட்ட பிறகே எண்ணை நீக்குங்கள்.

ஈப்போ ரோடு ராஜா:
எனக்கு ஆப் காட்டும் குறியீட்டை அடிச்சா எப்பவும் "Wrong code"தான் வருது. டேட்டா இல்லாததாலா?

பழைய டெக்னீஷியன்:
டேட்டா தேவையில்லை. கியூஆரில் வந்த ரகசியச் சாவியையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் சேர்த்துத்தான் ஆப் 30 வினாடிக்கு ஒரு குறியீட்டைக் கணக்கிடுகிறது. கடிகாரம் சில நிமிடம் பிசகினால் குறியீடும் பிசகும். அமைப்பில் தேதி, நேரத்தைத் தானியங்கியாக்கிப் பாருங்கள். திருச்சியில் நேரம் இரண்டரை மணி பின்னே இருந்தாலும் பாதிக்காது, உலகப் பொது நேரத்தை வைத்துத்தான் கணக்கு. ஆனால் அங்கே போய் முள்ளைக் கையால் திருப்பி, நேர மண்டலத்தை மலேசியாவிலேயே விட்டால் குறியீடு கெட்டுவிடும்.

ஈப்போ ரோடு ராஜா:
என்னுது ஏழு நிமிடம் முன்னே ஓடியிருக்கு. சரியாயிடுச்சு அண்ணே.

பட்டர்வொர்த் மாலா:
அப்ப ரெகவரி எண்ணையும் எடுத்துடணுமா?

பழைய டெக்னீஷியன்:
அது வேறு அக்கா. கடவுச்சொல் மறந்தால் மீட்க உதவும் எண் அது. நான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

செந்தூல்வாசி:
ஆனால் அம்மாவின் ப்ரீபெய்ட் எண் காலாவதியாகி இன்னொருவருக்குப் போனால்? அங்கே என் எண்ணைப் போடலாமா?