மதிப்பீட்டுப் பகுதியில் எழுதுவது தரவாகவே நின்றுவிடுகிறது: எப்படித் திருத்துவது?

பயிற்சி ஆலோசகர்:
வணக்கம். அமர்வுக் குறிப்பைத் தரவு, மதிப்பீடு, திட்டம் என்று மூன்று பகுதிகளாக எழுதப் பழகி வருகிறேன். என் மேற்பார்வையாளர் கடந்த குறிப்பை "மதிப்பீடு எங்கே?" என்ற ஒற்றைக் கேள்வியுடன் திருப்பி அனுப்பிவிட்டார். அடையாளங்களை மாற்றிக் கீழே தருகிறேன்.

தரவு: ஆலோசனை பெறுபவர் மிகுந்த மனச்சோர்வுடன் இருந்தார். அலுவலகக் கூட்டங்களுக்குச் செல்லவில்லை என்றார். மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலில் மதிப்பெண் 11. இரு வாரங்களுக்கு முன்பு 14.
மதிப்பீடு: மனச்சோர்வு நீடிக்கிறது. கூட்டங்களைத் தவிர்க்கிறார். முன்னேற்றம் உள்ளது.
திட்டம்: சிகிச்சையைத் தொடர்தல்.

சமூகப் பணியாளர்:
தரவு என்பது அவர் வாயால் சொன்னது மட்டுமே. நீங்கள் கண்டதையெல்லாம் மதிப்பீட்டுக்கு நகர்த்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூத்த உளவியலாளர்:
அதில் பாதிதான் சரி. நீங்கள் கண்ணால் கண்டதும் தரவுதான். கண்டதிலிருந்து நீங்கள் எட்டிய முடிவுதான் மதிப்பீடு. "மிகுந்த மனச்சோர்வுடன் இருந்தார்" என்பது முடிவு. "தாழ்ந்த குரலில் பேசினார், இருமுறை அழுதார்" என்று எழுதினால், அமர்வில் இல்லாத ஒருவரும் அதைப் படித்துத் தாமே ஒரு முடிவுக்கு வர முடியும்.

"முன்னேற்றம்" என்ற சொல்லுக்கும் உங்கள் தரவு இடம் தரவில்லை. 11, 14 இரண்டும் அந்த அளவுகோலில் மிதமான நிலைக்குள்ளேயே அடங்குகின்றன. பொதுவாக ஐந்து புள்ளிகள் மாறினால்தான் அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்வார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு அவர் அளித்த விடையைத் தனியே குறிப்பிடாததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மொத்த மதிப்பெண் குறைந்திருக்கும்போதும் அந்த ஒரு விடை உயர்ந்திருக்கக்கூடும்.

பள்ளி ஆலோசகர்:
அமர்வில் பேசப்பட்டதை நான் சொல்லுக்குச் சொல் இரண்டு பக்கம் எழுதுகிறேன். எதுவும் விடுபடாது. அப்படிச் செய்தால் போதாதா?

மூத்த உளவியலாளர்:
கேள்வி நீளத்தைப் பற்றியதன்று. இரண்டு பக்கத் தரவிலும் மதிப்பீடு இல்லாமல் போகலாம்.

பயிற்சி ஆலோசகர்:
ஒன்பதாவது கேள்விக்கு அவர் சுழியம் என்றே குறித்திருந்தார். நேரில் கேட்டபோதும் அத்தகைய எண்ணம் இல்லை என்றார். அதைத் தரவில் சேர்த்துவிட்டு, மற்ற இரண்டையும் இப்படி மாற்றியிருக்கிறேன்.

மதிப்பீடு: மதிப்பெண் குறைந்தாலும் நிலை மாறவில்லை. கூட்டத்தைத் தவிர்த்ததும் பதற்றம் உடனே தணிவதாக அவர் சொல்வதால், அந்த நிம்மதியே தவிர்ப்பை நிலைநிறுத்துவதாகத் தோன்றுகிறது. உடனடித் தற்கொலை ஆபத்துக்கான அறிகுறி தற்போது இல்லை.
திட்டம்: அடுத்த வாரம் ஒரு சிறிய கூட்டத்தில் பத்து நிமிடம் அமர்ந்து, முன்னும் பின்னும் பதற்றத்தைப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவருவார். அடுத்த அமர்வில் அக்குறிப்பைப் பார்த்து, பி.எச்.கியூ-9 மீண்டும் எடுக்கப்படும்.

மூத்த உளவியலாளர்:
இப்போது திட்டம் மதிப்பீட்டிலிருந்து பிறக்கிறது. "தோன்றுகிறது" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். அது உங்கள் கருதுகோள்தான். பதற்றம் தணிவதாக அவர் சொன்னதை மட்டும் தரவுக்குக் கொண்டுபோங்கள்.

பயிற்சி ஆலோசகர்:
நன்றி. தம் சகோதரரின் கடன் சிக்கலைப் பற்றியும் அவர் நெடுநேரம் பேசினார். அதையும் பதிய வேண்டுமா?

சமூகப் பணியாளர்:
அது மூன்றாம் நபரின் செய்தி, நான் எழுதமாட்டேன்.

மூத்த உளவியலாளர்:
"குடும்பப் பணச்சுமை பற்றிப் பேசினார்" என்ற அளவில் நான் எழுதுவேன். ஆனால் இதில் உங்கள் நிலையத்தின் பதிவு விதி என்ன சொல்கிறது என்பதை மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.