போத்தலில் உள்ள ‘37%’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

திருகோணமலை நகரிலிருந்து, உயர்தர இரசாயனவியல் ஆசிரியை:

அன்புடையீர், செய்முறைக் கையேடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு ஒரு சொல் தடையாக நிற்கிறது. செறிந்த ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலின் லேபலில் ‘அசே’ என்று எழுதி, அதன் எதிரே 37% என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் பழைய கையேடு அதனைத் ‘தூய்மை வீதம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. அந்தச் சொல் மாணவரைப் பிழையான கணக்குக்கு இட்டுச் செல்கிறது என்பதை இந்த முறை என் கண்ணாலேயே கண்டேன்.

லீற்றருக்கு 1 மூல் செறிவுடைய கரைசலில் 250 மில்லிலீற்றர் தயாரிக்குமாறு புதிதாகத் திறந்த ஒரு போத்தலை இரண்டு குழுக்களிடம் கொடுத்தேன். லேபலில் 37% என்பதோடு, அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.19 கிராம் என்றும் இருந்தது. தயாரித்த கரைசலைச் சரிபார்க்க, 1.325 கிராம் நீரற்ற சோடியம் காபனேற்றை நீரில் கரைத்து, மெதயில் செம்மஞ்சள் காட்டியுடன் நியமிக்கச் சொன்னேன். கரைசல் உண்மையில் 1 மூல் என்றால் 25.0 மில்லிலீற்றர் செல்ல வேண்டும். முதற் குழுவுக்கு 25.1 சென்றது, இரண்டாவது குழுவுக்கு 21.0 மில்லிலீற்றரிலேயே நிறம் மாறிவிட்டது. அவர்களின் கரைசல் 1.19 மூலாக இருந்தது. 1.19 என்பது லேபலில் உள்ள அடர்த்தியேதான் என்பதைக் கண்டதும், பிழை எங்கே என்று தேட வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர்கள் 37 என்பதை ‘தூய்மை’ என்று வாசித்து, ஒரு லீற்றரில் 370 கிராம் தூய அமிலமும் மிகுதியாக அழுக்கும் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். 370 ஐ 36.46 ஆல் வகுத்து 10.15 மூல் என்று பெற்று, அதன்படி 24.6 மில்லிலீற்றர் எடுத்திருக்கிறார்கள். மிகுதி 63 பங்கும் நீர்தான் என்பதையும், 37 என்பது நூறு கிராமுக்கான கணக்கு என்பதையும் காட்டும் ஒரு சொல் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று நினைக்கிறேன். ஆலோசனை கூறுங்கள்.

உப்புவெளியிலிருந்து, பாடசாலை ஆய்வுகூட உதவியாளர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தூய்மை என்ற சொல்லில் பெரிய குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சல்பூரிக் அமிலப் போத்தலில் 98% என்று இருக்கிறது. அது தூய்மையைத்தானே குறிக்கிறது? கணக்கிலும் நாம் 0.98 ஆல் பெருக்கத்தான் செய்கிறோம். பெருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் பெயர் எதுவாக இருந்தாலும் போதும். நான் வழக்கமாக 100 மில்லிலீற்றருக்கு 37 கிராம் என்று கொண்டே அளந்து கொடுக்கிறேன். மாணவரின் பரிசோதனைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

நிலாவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற பகுப்பாய்வு இரசாயனவியலாளர்:

தம்பி, பெருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் எதனைப் பெருக்குகிறோம் என்பதில்தான் முழுக் கணக்கும் தங்கியிருக்கிறது. ஒரு லீற்றர் செறிந்த அமிலத்தைத் தராசில் வைத்தால் அது 1190 கிராம் இருக்கும். அந்த 1190 இல்தான் நூற்றுக்கு 37 பங்கு ஐதரசன் குளோரைட்டு. அதாவது 440 கிராம். அதனை 36.46 ஆல் வகுத்தால் லீற்றருக்கு 12.1 மூல் வரும். 250 மில்லிலீற்றர் ஒரு மூலர்க் கரைசலுக்கு 20.7 மில்லிலீற்றர் போதும். நீங்கள் அளந்து கொடுத்தவை அனைத்தும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் கூடுதலாகவே இருந்திருக்கும். வாயுவை உண்டாக்கும் பரிசோதனைகளில் அது தெரியவராது. நியமிப்பில் மட்டுமே தெரியும்.

சல்பூரிக் அமிலத்தை எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று, ஏனெனில் தூய்மை என்ற சொல் அங்கிருந்துதான் பரவியிருக்க வேண்டும். 98 என்பது நூறுக்கு அருகில் இருப்பதால் மிகுதியை அழுக்கு என்று நினைக்க மனம் இசைகிறது. அங்கே வேறொரு தற்செயலும் உண்டு. மூலர்த் திணிவு 98.08, லேபல் எண் 98. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், 1.84 என்ற அடர்த்தியிலிருந்து 18.4 மூல் என்ற விடை நேரடியாக வந்துவிடுகிறது. அடர்த்தியைப் பத்தால் பெருக்கினால் மூலர்த்திறன் கிடைக்கும் என்று மனனம் செய்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு அப்படிச் செய்தால் 11.9 வரும், அது சரியான விடைக்கு மிக அருகில் இருப்பதால் பிழையென்று கண்டுபிடிப்பதும் கடினம். நைத்திரிக் அமிலத்தில்தான் அகப்படுவார்கள். அடர்த்தி 1.41, வீதம் 69 என்றால் சரியான விடை 15.4, அவர்களுக்கு 14.1 வரும்.

ஆகவே ‘திணிவு’ என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘அமிலத் திணிவு வீதம்’ என்று முன்மொழிகிறேன்.

துறைமுகத்துக்கு அருகிலிருந்து, பற்றரி திருத்தகம் நடத்துபவர்:

ஐயா, இந்த விவாதத்தில் என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். மீன்பிடிப் படகுகளின் பற்றரிகளுக்கு ஊற்றும் அமிலத்தில் எந்த வீதமும் எழுதப்பட்டிருப்பதில்லை. நீரமானியை இறக்கிப் பார்ப்போம், 1.28 என்று காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 1.15 க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. அடர்த்தி ஒன்றை வைத்தே நாங்கள் செறிவைச் சொல்கிறோம். அப்படியிருக்க, லேபலில் இரண்டு எண்கள் எதற்கு? அடர்த்திக்கு நல்ல தமிழ்ச் சொல் தேடுவதே கேள்வி என்றால், எங்கள் தொழிலில் ‘கிராவிட்டி’ என்றே சொல்வோம்.

நிலாவெளியிலிருந்து:

கேள்வி அடர்த்திக்கான சொல்லைப் பற்றியதன்று. எனினும் நீங்கள் கூறியதில் பொருள் இருக்கிறது. நீரும் ஓர் அமிலமும் மட்டுமே கலந்திருக்கையில், குறித்த வெப்பநிலையில் அடர்த்தி தெரிந்தால் வீதத்தை அட்டவணையிலிருந்து பெறலாம். உங்கள் 1.28 என்பது ஏறத்தாழ 37% சல்பூரிக் அமிலம், லீற்றருக்கு 4.8 மூல் அளவில் இருக்கும். ஆனால் இந்த வழி எங்கும் செல்லாது. சல்பூரிக் அமிலம் 95% இலிருந்து 98% க்கு ஏறும்போது அடர்த்தி மிகச் சிறிதே மாறுகிறது, நூறை நெருங்கும்போது சற்றுக் குறையவும் செய்கிறது. அங்கே நீரமானி எதையும் சொல்லாது, மூலர்த்திறனோ 17.8 இலிருந்து 18.4 க்குப் போய்விடும். அதனால்தான் லேபலில் இரண்டு எண்களும் வேண்டும்.

மூதூரிலிருந்து, தமிழ் ஆசிரியர்:

இரசாயனக் கணக்கில் தலையிட எனக்குத் தகுதி இல்லை. சொல்லைப் பற்றி மட்டும் கூறுகிறேன். நம் நாட்டுப் பத்திரிகைகளில் ‘37 வீதம்’ என்றால் நூற்றுக்கு 37 என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் அறிவியற் பாடங்களில் ‘தாக்கவீதம்’ என்று எழுதும்போது, அதே சொல் ஒரு நேரத்தில் நிகழும் மாற்றத்தைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு ‘திணிவு வீதம்’ என்பது நேரத்தோடு மாறும் திணிவு என்று தோன்றினால் அதனைக் குற்றம் சொல்ல முடியாது. ‘நூற்றுவீதம்’ என்ற வழக்கிலிருந்து முதற்பகுதியை எடுத்து, ‘நூற்றுத்திணிவு’ என்று ஆக்கினால் என்ன? ‘இந்த அமிலத்தின் நூற்றுத்திணிவு 37’ என்று எழுதலாம். மூலர்த் திணிவு, நூற்றுத்திணிவு என்று இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாக அமைவதும் காதுக்கு இசைவாக இருக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து:

ஐயா, ‘நூற்றுத்திணிவு’ எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கணக்கில் ஒரு திணிவை இன்னொரு திணிவால் வகுக்கிறோம் என்பது பெயர்களிலேயே தெரிகிறது. ஆகவே லீற்றரைத் திணிவாக மாற்றித் தரும் அடர்த்தி எங்கே என்று பிள்ளை தானாகவே தேடும்.

உப்புவெளியிலிருந்து:

என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். கடந்த இரண்டு நாட்களில் எங்கள் அலுமாரியில் இருந்த போத்தலை வைத்து நானும் செய்து பார்த்தேன். கனமானக் குடுவையில் பாதிக்கு மேல் நீர் வைத்து, அளவுச்சாடியால் 20.7 மில்லிலீற்றர் அமிலத்தை மெல்லச் சேர்த்து, அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே குறிவரை நீர் நிரப்பினேன். நியமித்தபோது 25.6 மில்லிலீற்றர் சென்றது, கரைசல் 0.98 மூல்தான். அந்தப் போத்தல் பல மாதங்களாகத் திறந்து திறந்து மூடப்படுவது. திறக்கும்போதெல்லாம் வெண்புகை எழும். நம் ஊர் வெயிலில் வாயு வெளியேறி, போத்தல் 11.8 மூலுக்கு இறங்கியிருக்கிறது என்று கணக்கிட்டேன்.

ஆனால் புதிய சொல்லைப் பற்றி ஓர் ஐயம் இருக்கிறது. நூற்றுத்திணிவு என்று கேட்டவுடன் என் மனதில் வந்தது, 100 மில்லிலீற்றரில் உள்ள திணிவு என்பதே. நான் இத்தனை காலம் செய்த அதே பிழைக்கு இந்தச் சொல்லும் இடம் கொடுக்கிறது அல்லவா? சில கரைசல்களின் லேபலில் உண்மையாகவே 100 மில்லிலீற்றருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கும் வருகிறது.

நிலாவெளியிலிருந்து:

தம்பியின் ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பிழையைச் செய்தவர் வாயிலிருந்து வருவதால் அதற்கு மதிப்பு அதிகம். ‘அமிலத் திணிவு நூற்றுவீதம்’ என்பது நீளமானது. எனினும் திணிவில் நூற்றுக்கு என்ற பொருளைத் தப்பவிடாது. ‘நூற்றுத்திணிவு’ அழகானது, ஆனால் நூறு எதில் என்பதைச் சொல்லவில்லை. நான் நீளமான சொல்லின் பக்கமே நிற்கிறேன்.

இன்னொன்று. 25.6 என்று வந்தது அவருடைய கைப்பிழை அன்று. பல லேபல்களில் ஒரே எண் இருப்பதில்லை, 36.5 இலிருந்து 38 வரை என்றோ, குறைந்தது 37 என்றோ இருக்கும். 36.5 என்றால் 11.9 மூல், 38 என்றால் 12.4 மூல். ஆகவே இந்தக் கணக்கு எவ்வளவு அமிலம் எடுக்கலாம் என்பதை மட்டுமே சொல்லும். கரைசலின் செறிவைச் சொல்வது நியமிப்பே. அதனால்தான் அளவுச்சாடி போதும் என்கிறேன். புகையும் அமிலத்தைக் குழாயியில் வாயால் உறிஞ்ச ஒருவரும் முனையக் கூடாது.

மூதூரிலிருந்து:

நூறு எதில் என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. ‘நூறுகிராம் திணிவு’ என்று விரித்தால் அது நூறு கிராம் எடையுள்ள ஒரு பொருளைக் குறித்துவிடும். யோசிக்கிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து:

கையேட்டில் ‘தூய்மை வீதம்’ என்பதை இன்றே அடித்துவிட்டேன். இப்போதைக்கு முதல் இடத்தில் ‘அமிலத் திணிவு நூற்றுவீதம்’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘100 கிராம் செறிந்த அமிலத்தில் 37 கிராம் ஐதரசன் குளோரைட்டு, மிகுதி நீர்’ என்று சேர்த்திருக்கிறேன். அடுத்த தவணையில் ஒரு வகுப்புக்கு இந்தப் பக்கத்தையும், மற்றைய வகுப்புக்கு அதே வரியுடன் ‘நூற்றுத்திணிவு’ என்று எழுதிய பக்கத்தையும் கொடுப்பேன். இரண்டு வகுப்புகளிலும் 21.0 மில்லிலீற்றரில் நிறம் மாறும் குடுவைகள் எத்தனை என்று எண்ணி உங்களுக்கு அறிவிப்பேன்.

அதற்கிடையில், உப்புவெளித் தம்பி தன் போத்தலுக்குக் கண்ட 11.8 என்பது போன்ற எண்ணுக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. லேபல் சொல்லும் 12.1 ஐயும், நியமித்துக் கண்ட 11.8 ஐயும் ஒரே ‘போத்தல் செறிவு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முன்னதற்கு ‘லேபல் செறிவு’ என்றும் பின்னதற்கு ‘நியமித்த செறிவு’ என்றும் எழுதலாமா என்று கேட்கிறேன்.