500 வெள்ளி அனுப்பினேன், 847 ரூபாய் குறைகிறது. ரசீதை எப்படிப் படிப்பது?

புதுவரவு: சிங்கப்பூர் வந்து இரண்டாவது மாதம். ஞாயிறன்று தேக்காவில் ஒரு கடையில் 500 வெள்ளி கட்டி அம்மா கணக்குக்கு அனுப்பினேன். கூகுளில் வெள்ளிக்கு 67 ரூபாய் காட்டியது, அதன்படி 33,500 போயிருக்க வேண்டும். ரசீதில் இப்படி இருக்கிறது: கட்டியது 500, கட்டணம் 6, அனுப்பும் தொகை 494, ரேட் 66.10, பெறும் தொகை 32,653.40. கட்டணம் 400 ரூபாய்தான் வருகிறது. மீதி எங்கே?

மன்னார்குடிக்காரன்: ஊரில் வருமான வரி பிடித்திருப்பார்கள்.

பழைய பெர்மிட்: வரி இல்லை. மகன் அம்மாவுக்கு அனுப்புவதற்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. தம்பி, 494-ஐ 66.10-ஆல் பெருக்கிப் பாருங்கள், ரசீது சரியாகத்தான் இருக்கிறது. கட்டணம் 6 வெள்ளி, 67 கணக்கில் 402 ரூபாய். மிச்சம் 444 ரூபாய் ரேட்டில் போயிருக்கிறது. வெள்ளிக்கு 90 காசு வீதம் கடைக்காரர் குறைத்துத்தான் கொடுக்கிறார், அதுவும் அவருடைய வருமானம். ஆனால் ரசீதில் அதைத் தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டையும் கூட்டினால் உங்களுக்கு 12 வெள்ளி 60 காசுக்கு மேல் செலவு. இன்னொன்று, ஞாயிறன்று நாணயச் சந்தை மூடியிருக்கும். கூகுள் காட்டுவது வெள்ளிக்கிழமை முடிந்த விலை. திங்களன்று விலை மாறினால் நட்டம் வரக் கூடாதென்று சில கடைகள் வார இறுதியில் ரேட்டை இன்னும் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள்.

சிவா_உட்லண்ட்ஸ்: இதற்குத்தான் நான் கட்டணமே வாங்காத கடைக்குப் போகிறேன். முழுசாகப் போய்ச் சேரும்.

பழைய பெர்மிட்: அங்கே ரேட் என்ன தந்தார்கள்?

சிவா_உட்லண்ட்ஸ்: அதே ஞாயிறு 65.20.

பழைய பெர்மிட்: அப்போது 500-க்கு 32,600. கட்டணம் கட்டிய தம்பிக்கு 53 ரூபாய் கூடத்தான் கிடைத்திருக்கிறது. கடையில் "500 வெள்ளி கட்டினால் அம்மா கையில் எத்தனை ரூபாய்?" என்று கேளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து இரண்டு கடைகளை ஒப்பிட்டால் போதும். தொகை சிறியதென்றால் கட்டணம் கடிக்கும், பெரியதென்றால் ரேட் கடிக்கும்.

கலா அக்கா: என் கதை வேறு. இங்கே வங்கியிலிருந்து 1,000 வெள்ளி அனுப்பினேன். ரசீதில் ரூபாய்த் தொகையே இல்லை. அம்மாவுக்கு நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் போயிருக்கிறது.

பழைய பெர்மிட்: ரூபாய் எழுதாத ரசீது என்றால் பணம் வெள்ளியாகவே போயிருக்கும், அக்கா. ரூபாயாக மாற்றியது ஊர் வங்கி, ரேட்டும் அவர்களுடையது. மாற்றுவதற்கு ஜிஎஸ்டியும் சின்னதாகப் பிடிப்பார்கள். நடுவில் வேறொரு வங்கி வழியாகப் போயிருந்தால் அதுவும் எடுத்திருக்கலாம். எது எவ்வளவு என்பது உங்கள் ரசீதில் தெரியாது, அம்மாவின் வங்கியில் வரவு விவரச் சீட்டு கேட்க வேண்டும்.

கலா அக்கா: அம்மா கேட்டுப் பார்த்துவிட்டார். பாஸ்புக்கில் வந்ததுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தச் சீட்டை யாராவது கைக்கு வாங்கியிருக்கிறீர்களா?