தோல் கொள்முதல் கணக்கு: சேதாரத்தை எதன் மேல் போடுவது?

பேரணாம்பட்டுக் கணக்காளர்:
எங்களுடையது ஷூவின் மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலை. ஜூலையில் 10,000 ஜோடி அனுப்ப வேண்டும். ஒரு ஜோடிக்கு அச்சளவில் 1.6 சதுர அடி தோல் தேவை. வெட்டுக்குக் கொடுக்கும் தோலில் ஐந்தில் ஒரு பங்கு துண்டாகப் போவதாகப் பதிவேடு சொல்கிறது. ஆகவே 16,000 சதுர அடியோடு 20 விழுக்காடு சேர்த்து 19,200, பாதுகாப்புக் கையிருப்பாக 6,000, ஆக 25,200 சதுர அடி வாங்க வேண்டும் என்று எழுதினேன். முதலாளி அதிகம் என்கிறார். வெட்டும் பிரிவோ போதாது என்கிறது. எங்கே தவறு?

காட்பாடி மாணவி:
ஐயா, இரண்டு பக்கமும் பிழை இருப்பதால்தான் இருவருமே குறை சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். கொடுத்த தோலில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்றால், 1.6 என்பது மீதி நான்கு பங்கு. எனவே 1.6-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்; ஜோடிக்கு 2 சதுர அடி வருகிறது. நீங்கள் 20 விழுக்காட்டை அச்சளவின் மேல் கூட்டியதால் 1.92 வந்தது. அடுத்து, அனுப்பும் எண்ணிக்கையும் தைக்கும் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஜூலைத் தொடக்கத்தில் முடிந்த சரக்கு எத்தனை ஜோடி, இறுதியில் எத்தனை நிற்க வேண்டும்? தோல் இருப்பையும் அப்படியே சொல்லுங்கள்.

பேரணாம்பட்டுக் கணக்காளர்:
முடிந்த சரக்கு தொடக்கத்தில் 1,200 ஜோடி, இறுதியில் 1,500 வேண்டும். தோல் கிடங்கில் 4,000 சதுர அடி இருக்கிறது. ஆகஸ்டில் 12,000 ஜோடி தைக்க வேண்டும். விலை சதுர அடிக்கு 120 ரூபாய்.

காட்பாடி மாணவி:
அப்படியானால் ஜூலையில் தைக்க வேண்டியது 10,300 ஜோடி; அதற்கு வெட்டுக்குப் போகும் தோல் 20,600 சதுர அடி. ஆகஸ்டின் தேவை 24,000. அதில் கால் பங்கைக் கையில் வைப்பது என்றால் நீங்கள் எழுதிய 6,000 சரியாகவே பொருந்துகிறது. ஆனால் அந்த 6,000-ஐ முழுதாகக் கூட்டக் கூடாது, ஏனெனில் 4,000 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 20,600-உடன் 6,000 கூட்டி 4,000 கழித்தால் கொள்முதல் 22,600 சதுர அடி, மதிப்பு 27,12,000 ரூபாய். 25,200 வாங்கினால் மாத இறுதியில் 8,600 சதுர அடி நிற்கும். மாதந்தோறும் இருப்பைக் கழிக்காமல் கையிருப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், கிடங்கு வீங்குவதைக் கணக்கு காட்டிக்கொடுக்காது.

குடியாத்தம் தறிக்காரர்:
எங்கள் லுங்கித் தறியிலும் நூல் சேதாரம் உண்டு. அந்தக் கழிவு நூலை விற்றுக் காசாக்குகிறோம். உங்கள் தோல் துண்டுகளையும் யாராவது வாங்குவார்கள் அல்லவா? அந்தப் பணத்துக்கு ஈடான சதுர அடியைச் சேதாரத்திலிருந்து கழித்துவிட்டால் கொள்முதல் குறைந்துவிடுமே.

காட்பாடி மாணவி:
பணம் வருவது உண்மைதான் ஐயா, அது ஜோடியின் அடக்க விலையைச் சற்றுக் குறைக்கும். ஆனால் விற்ற துண்டில் ஷூ தைக்க முடியாது. வாங்க வேண்டிய அளவு ஒரு சதுர அடிகூடக் குறையாது.

ராணிப்பேட்டை வியாபாரி:
கணக்கு எல்லாம் சரி, ஆனால் 6,000 சதுர அடி கையிருப்பே எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பேரணாம்பட்டைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எல்லாப் பக்கமும் தோல் பதனிடும் ஊர்கள். காலையில் தொலைபேசியில் சொன்னால் மாலையில் வண்டி வந்து நிற்கும். 7,20,000 ரூபாயைக் கிடங்கில் முடக்கி வட்டி கட்டுவதைவிட, வாராவாரம் வாங்குவதே புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் காற்றோட்டமில்லாத கிடங்கில் தோலின் மேல் பூஞ்சணம் பூப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கட்டிங் மேஸ்திரி:
வியாபாரி சொல்வது கறுப்புத் தோலுக்குப் பொருந்தும், ஓரளவுக்கு. நிறத் தோல் என்று வந்தால் பொருந்தாது. பழுப்பு நிறத்தில் ஒரு சாயத் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நிழல் மாறும். வலது காலுக்கு ஒரு தொகுதி, இடது காலுக்கு வேறு தொகுதி என்று வெட்டினால் சோதனை மேசையில் அந்த ஜோடி நிற்காது. ஓர் ஆர்டரை முடிக்க நூறு சதுர அடி குறைந்தாலும், அதே நிழலில் தோல் கிடைக்கும் வரை அந்த ஆர்டர் முடங்கிக் கிடக்கும். மழை வந்து தோல் உலர்த்துவது தாமதப்பட்டாலோ, தோல் ஆலைகளின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் சில நாள் நின்றாலோ, பக்கத்து ஊரும் தூரத்து ஊர்தான்.

மேலும், 20 விழுக்காடு என்பது சராசரி. அதை நான் நம்ப மாட்டேன். தோலை மேசையில் விரித்தவுடன் முதலில் வெள்ளிப் பென்சிலால் உண்ணி கடித்த தடம், முள் கீறல், சூட்டுத் தழும்பு ஆகியவற்றை வட்டமிடுவோம். முதுகெலும்பை ஒட்டிய உறுதியான பகுதியில் ஷூவின் முன்பக்கத் துண்டுகள் போகும். வயிற்றுப் பக்கம் தளர்ந்திருப்பதால் அங்கே நாக்கு போன்ற சிறு துண்டுகளை மட்டுமே அடுக்க முடியும். இரண்டாம் செலக்ஷன் தோலில் இருபதுக்குள் நிற்கும் சேதாரம், விலை குறைவு என்று மூன்றாம் செலக்ஷன் வாங்கினால் இருபத்தைந்தைத் தொடுவதும் உண்டு. அப்போது ஜோடிக்கு 2 அல்ல, ஏறத்தாழ 2.13 சதுர அடி. 10,300 ஜோடிக்கு 1,370 சதுர அடிக்குக் கிட்டத்தட்டக் கூடுதல் ஆகிவிடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் கொடுத்த தோல், வெட்டிய ஜோடி இரண்டையும் அன்று மாலையே எழுதிப் பாருங்கள். மாத இறுதிவரை காத்திருந்தால் எந்தத் தொகுதி தின்றது என்று தெரியாது.

ராணிப்பேட்டை வியாபாரி:
சேதாரம் கூடுவதற்குத் தோலை மட்டும் குறை சொல்லாதீர்கள், மேஸ்திரி. வெட்டுபவர் அச்சுகளை நெருக்கமாக அடுக்காமல் விட்டாலும் அதே எண்தான் வரும்.

கட்டிங் மேஸ்திரி:
மறுக்கவில்லை. ஒரே தொகுதியை இருவருக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தால் கை எது, தோல் எது என்று தெரிந்துவிடும். அதோடு தோல் வந்து இறங்கும்போதே பரப்பை அளக்கும் இயந்திரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரப்பதம் மாறினால் பரப்பும் மாறும், ரசீதில் எழுதிய அளவு அப்படியே இருக்காது. அந்தக் குறையையும் சேதாரத்தில் போட்டுவிட்டு வெட்டுபவரைத் திட்டுவார்கள்.

கணக்காளர் ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி: அந்த 4,000 சதுர அடியில் எது கறுப்பு, எது நிறம்?

பேரணாம்பட்டுக் கணக்காளர்:
கிடங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் 1,100 சதுர அடி போன பருவத்து மெரூன். அந்த நிறத்துக்கு இப்போது ஆர்டரே இல்லை.

காட்பாடி மாணவி:
அப்படியென்றால் பயன்படும் தொடக்க இருப்பு 2,900-தான். கொள்முதல் 23,700 சதுர அடி, 28,44,000 ரூபாய் ஆகிறது. நான் இருப்பை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டது தவறு.

ராணிப்பேட்டை வியாபாரி:
அந்த மெரூன் எப்படித் தங்கியது என்று யோசித்தீர்களா? போன பருவத்தின் பாதுகாப்புக் கையிருப்பு அது. நிறத் தோலுக்குக் கையிருப்பு வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதன் மறுபக்கம் இதுதான்.

கட்டிங் மேஸ்திரி:
உண்மை. அதனால்தான் நிறத் தோலில் ஆர்டர் உறுதியான அளவுக்கு மேல் ஐந்து விழுக்காடு மட்டும் வாங்கச் சொல்வேன். கறுப்பில் கால் பங்கு வைக்கலாம். உங்கள் ஆகஸ்டு ஆர்டரில் நிறம் எவ்வளவு என்று தெரியாமல் 6,000 என்ற எண்ணை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேரணாம்பட்டுக் கணக்காளர்:
ஆகஸ்டு நிறப் பட்டியல் இன்னும் வாங்குபவரிடமிருந்து வரவில்லை. இன்று கறுப்புக்கு மட்டும் ஆணை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புகிறேன். நிறத்துக்கான வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.