உதவி: 4×2 அங்குல அலுமினிய பொக்ஸ் பார் துண்டு தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் மாணவர்களுக்கு அலைவழி ஒன்றை, அதாவது வைஃபை அலையை உள்ளால் கொண்டுபோகும் உலோகக் குழாயை, செய்துகாட்ட 60 செ.மீ. நீளத் துண்டு தேடுகிறோம். வவுனியா, பரந்தன் பக்கம் அலுமினியக் கதவு, யன்னல் செய்யிற பட்டறைகளில் வெட்டு மிச்சம் இருந்தால் சொல்லுங்கோ. காசு தருவம்.

2×1 அங்குலம் கையில இருக்கு, ஆனால் 2.45 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை அதுக்குள்ளால் போகாது. உலோகச் சுவரை ஒட்டி மின்புலம் பூச்சியமாக இருக்கவேண்டும். ஆகவே அகலச் சுவருக்குள் குறைந்தது அரை அலையாவது அடங்கவேண்டும். குழாய்க்குள் அலை ஓடும் எளிய பாங்கான TE10 இன் வெட்டு அதிர்வெண், அதாவது அலை போகத் தொடங்கும் எல்லை, இதிலிருந்துதான் வருகிறது:

`fc (GHz) = 150 / a (mm)`

`a` உள் அகலம்; வெளியளவை எடுத்தால் கணக்குப் பிழைக்கும். 1.2 மி.மீ. சுவரென்றால் 2 அங்குலக் குழாயின் உள் அகலம் 48.4 மி.மீ., வெட்டு 3.1 கிகாஹேர்ட்ஸ். அதற்குக் கீழே அலை முன்னோக்கி நகராமல் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 3.5 டெசிபல் வீதம் தேய்கிறது, 30 செ.மீ. தாண்டினால் 100 டெசிபலுக்கு மேல் போய்விடும். சுவர் அதை உறிஞ்சுவதில்லை, சக்தி வந்த வழியே திரும்புகிறது.

4×2 இல் வெட்டு 1.51 கிகாஹேர்ட்ஸ். அடுத்த பாங்கு TE20 3.02 இல்தான் தொடங்கும், ஆகவே ஒரே பாங்குதான் ஓடும். உள்ளே அலைநீளம் 155 மி.மீ. ஆக நீளும், அலையை உள்ளே விடும் ஊசியை மூடிய முனையிலிருந்து 39 மி.மீ. தள்ளி, அகலச் சுவரின் நடுவில் வைக்கவேண்டும். திறந்தவெளி அலைநீளத்தின் கால்பங்கான 31 மி.மீ. இங்கே சரிவராது.

3×1.5 அங்குலம் கிடைத்தாலும் பரவாயில்லை, அதன் வெட்டு 2.03. சுவர்த் தடிப்பை மட்டும் அளந்து எழுதுங்கோ.