ஹேண்ட்ஆஃப்: பாட் விலகி ஆள் வரும் இடத்துக்கு என்ன பெயர் வைப்பது?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் உள்ள ஒரு டியூஷன் சென்டருக்கு டெலிகிராம் பாட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்றோர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் கேட்கிறார்கள். பீஸ் எவ்வளவு, கிளாஸ் எத்தனை மணிக்கு. இரண்டுக்கும் பதில் ஒரு அட்டவணையில் இருக்கிறது. பாட் வரும் செய்தியில் சில சொற்களைத் தேடும், வகுப்பைக் கேட்கும், அட்டவணையிலிருந்து எடுத்துச் சொல்லும். அதுவரை சிக்கல் இல்லை.

போன வாரம் ஒரு அம்மா, "டென்த் மேத்ஸ் பீஸ் பாதி கட்டிட்டேன், மீதி அடுத்த மாசம் தரலாமா" என்று எழுதினார். செய்தியில் 'பீஸ்' இருந்ததால் பாட் பத்தாம் வகுப்பின் கட்டணப் பட்டியலை அனுப்பியது. அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பட்டியல். மூன்றாவது முறை, "ஆபீஸ்ல யாராவது இருக்கீங்களா" என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. பணம் கொஞ்சம் தாமதமாகும் என்று தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தவருக்கு இரண்டு தடவை பணக்கணக்கைக் காட்டியிருக்கிறோம்.

அதனால் இப்போது ஹேண்ட்ஆஃப் சேர்த்திருக்கிறேன். சில கேள்விகள் வந்தால் பாட் ஒதுங்கிக்கொள்ளும், செய்தி ஆபீஸுக்குப் போகும். ஆபீஸில் இருக்கும் அக்காவுக்காக ஒரு பக்கக் கையேடு தமிழில் எழுதினேன். ஹேண்ட்ஆஃப் என்பதற்கு 'கைமாற்று' என்று போட்டேன். அவர் படித்துவிட்டு, "பீஸ் கட்ட முடியாதவங்களுக்கு நாம கைமாத்து குடுக்கப் போறோமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பணம் பேசும் இடத்தில் அந்தச் சொல் கூடாது. வேறு என்ன சொல்லலாம்?

ராமநாதன் எழுதியது:

செல்வி அம்மா, முதலில் அந்த 'பாட்' என்பதற்கு ஒரு பெயர் வையுங்கள். வேற்றுமை உருபு சேர்ந்ததும் அது பாட்டை, பாட்டில், பாட்டுக்கு என்று ஆகிவிடுகிறது. 'கேள்விகளைப் பாட்டில் கேட்கலாம்' என்று ஒரு பெற்றோர் படித்தால் என்ன நினைப்பார்?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கித் திருப்பும் சிறு கடன்தான். அந்தப் பொருள் மக்கள் வாயில் உறுதியாக இருக்கும்போது புதிய பொருளை அதன்மேல் ஏற்ற முடியாது. ஆள் என்ற சொல்லை வைத்துச் செய்யலாமா என்று யோசித்தேன். 'ஆள்மாற்று' என்றால் ஆள்மாறாட்டம் நினைவுக்கு வரும். 'ஆள்சேர்ப்பு' வேலைக்கு எடுப்பது. இரண்டும் வேண்டாம். 'ஒப்படைப்பு' என்று வையுங்கள். பழகிய சொல், பொருளும் நேரானது.

அருள் எழுதியது:

நானும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். எனக்கு இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை ஒரு போனில் போட்டு, ஆபீஸ் மூடியிருக்கும் நேரத்துக்கு ஒரு தானியங்கிச் செய்தி வைத்திருக்கிறேன். பீஸ் விவரம், பேட்ச் விவரம் எல்லாம் குறுக்குச் சொல்லில் சேமித்திருக்கிறேன். காலையில் வந்து அதே சாட்டில் நானே பதில் போடுவேன். மாற்றிவிடுவதற்கு என்ன இருக்கிறது? எதற்கு இவ்வளவு சுற்று?

பாட் வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குப் புரியாதபோது ஆளிடம் அனுப்பினால் போதும். 'புரியாக் கேள்வி' என்று எழுதிவிடுங்கள், அக்காவுக்குப் புரிந்துவிடும்.

தர்ஷினி எழுதியது:

அருள் அண்ணா, விளங்காத கேள்வி வேறு, விளங்கியும் பாட் பதில் சொல்லக்கூடாத கேள்வி வேறு. 'மீதி அடுத்த மாசம் தரலாமா' என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் தவணை கொடுப்பதா என்பதை அந்த சென்டர் நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். 'புரியாக் கேள்வி' என்று எழுதினால் அந்த அம்மாவின் செய்தி அதற்குள் வராது.

சொல்லைப் பற்றி ஒன்று. நான் யாழ்ப்பாணம். இங்கே 'கையளித்தல்' அன்றாடச் சொல். சாவியைக் கையளிப்பார்கள், ஆவணத்தைக் கையளிப்பார்கள். கடன் என்ற வாடை கிடையாது. ஒப்படைப்பு என்றால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் வீட்டுவேலை நினைவு வராதா? இங்கேயும் ஒப்படை என்றால் அதுதான். ரியூசன் சென்டரில் அந்தக் குழப்பம் வேண்டாம். 'கையளிப்பு' என்று வையுங்கள்.

செந்தில் எழுதியது:

கையளிப்பு நல்ல சொல். ஆனால் செல்வி, அந்தச் சொல் பாதி வேலைக்குத்தான் பெயர். பாட் கையை எடுத்துவிட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. ஆபீஸில் யாராவது கையில் எடுத்தார்களா? ராத்திரி பத்து மணிக்கு வந்த செய்தியைப் பாட் கையளித்துவிடும், எடுப்பவர் மறுநாள்தான் வருவார். நடுவில் உள்ள நேரத்தில் அந்தப் பெற்றோர் யார் பொறுப்பில் இருக்கிறார்? உங்கள் நிரலில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றே நினைக்கிறேன்.

அருள் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அவருடைய முறையில் ஆளும் பெற்றோரும் ஒரே சாட்டில் இருக்கிறார்கள். டெலிகிராம் பாட்டில் அப்படி இல்லை. பெற்றோர் பேசுவது பாட்டுடன் மட்டும்தான், ஆபீஸ் அக்கா அதற்குள் போய்த் தட்டச்சு செய்ய முடியாது. பாட்தான் செய்தியை ஆபீஸ் குரூப்புக்கு எடுத்துப் போய், அங்கே வரும் பதிலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தச் சோதனை வர வேண்டும்:

```python
if chat_id in with_staff:
    sent = bot.forward_message(
        STAFF_GROUP, chat_id, message.message_id)
    relay[sent.message_id] = chat_id
    return
reply_from_table(message)
```

சொல்தேடலுக்குப் பிறகு இதை வைத்தால் என்ன ஆகும் என்றால், அக்கா "சரிங்க, மெதுவா கட்டுங்க" என்று பதில் போடுவார். அந்த அம்மா, "ரொம்ப நன்றி, பீஸ் பத்தாம் தேதிக்குள்ள தரேன்" என்பார். 'பீஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் பாட் மறுபடி பட்டியலை நீட்டும்.

இன்னொன்று. பார்வர்டு செய்த செய்தியில் அனுப்பியவரின் அடையாளம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பயனர் தன் அமைப்புகளில் மறைத்திருந்தால் பெயர் மட்டும்தான் வரும். அதனால்தான் எந்தச் செய்தி யாருடையது என்று `relay`-இல் நாமே குறித்து வைக்கிறோம். அதை நினைவகத்தில் மட்டும் வைத்தால், கரண்ட் போய் வந்ததும் எல்லாம் அழிந்துவிடும். அக்கா போடும் பதில் யாருக்கும் போகாது, அது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஒரு SQLite கோப்பில் எழுதி வையுங்கள்.

செல்வி எழுதியது:

செந்தில் அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் திறந்து பார்த்தேன். என் நிரலில் இரண்டு நிலைகள்தான் இருந்தன: பாட், ஆள். பாட் விலகிய நொடியே 'ஆள்' என்று குறித்துவிட்டேன், அங்கே யாரும் இல்லாதபோதும். சனிக்கிழமை இரவு வந்த மூன்று செய்திகள் ஞாயிறு முழுக்க அப்படியே கிடந்திருக்கின்றன. அவர்களுக்கு 'ஆபீஸில் சொல்லிவிட்டோம்' என்ற ஒரு வரிகூடப் போகவில்லை.

இப்போது மூன்று நிலைகள் ஆக்கிவிட்டேன். பாட் விலகுவது கையளிப்பு. குரூப்பில் ஒருவர் அந்தச் செய்திக்கு முதல் பதில் போடுவது 'பொறுப்பேற்பு'. இடையில் இருப்பது 'காத்திருப்பு'. காத்திருப்பு தொடங்கியதும் பெற்றோருக்கு ஒரு செய்தி போகிறது: "உங்கள் கேள்வியை ஆபீஸில் சேர்த்துவிட்டோம். ஆபீஸ் நேரம் மாலை 4 முதல் 8 வரை." ஆபீஸ் நேரத்தில் அரை மணிக்கு மேல் யாரும் பொறுப்பேற்காவிட்டால் குரூப்பில் மறுபடி நினைவூட்டுகிறது.

ஒரு சிக்கல் மிச்சம். அக்கா சில சமயம் ரிப்ளை அழுத்தாமல் குரூப்பில் சும்மா எழுதிவிடுகிறார். அது பெற்றோருக்குப் போவதில்லை.

செந்தில் எழுதியது:

போகாது. குரூப்பில் பாட் பிரைவசி மோடில் இருந்தால் கட்டளைகளும், தன் செய்திகளுக்கு வரும் ரிப்ளைகளும்தான் அதன் கண்ணில் படும். சும்மா எழுதியதை அது பார்க்கவே பார்க்காது. பிரைவசி மோடை அணைத்தாலும் தீராது. மூன்று பேர் காத்திருக்கும்போது அந்த வரி யாருக்கானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பெற்றோரின் பாக்கிக் கணக்கு இன்னொருவருக்குப் போனால் பெரிய தப்பு. ரிப்ளை அழுத்தினால்தான் போகும் என்று கையேட்டின் முதல் வரியாக எழுதுங்கள். பதில் போய்ச் சேர்ந்ததும் பாட் குரூப்பில் 'அனுப்பியாச்சு' என்று சொல்லட்டும். அது வராவிட்டால் போகவில்லை என்று அக்காவே தெரிந்துகொள்வார்.

ராமநாதன் எழுதியது:

பொறுப்பேற்பு நன்றாக இருக்கிறது. அரசு அலுவலகங்களில் பழகிய சொல், கையளிப்புக்கு எதிர்முனையாகவும் பொருந்துகிறது. ஒப்படைப்பை விட்டுவிடுகிறேன், தர்ஷினி சொன்ன குழப்பம் நான் யோசிக்காதது. ஆனால் பேசி முடித்த பிறகு பாட் மறுபடி வருகிறதே, அதற்கு? 'மீள்கையளிப்பு' என்று சொல்லலாம்.

தர்ஷினி எழுதியது:

ஐயா, அது வாயில் நுழையாது. ஒருவர் பொத்தானில் பார்த்து அழுத்த வேண்டிய சொல் அது. 'முடிந்தது' என்று போட்டாலே போதும்.

அருள் எழுதியது:

'முடிந்தது' என்றால் அந்த அம்மாவின் பாக்கி முடிந்தது என்று ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். பீஸ் விஷயத்தில் இதுதான் எனக்குப் பயம்.

செல்வி எழுதியது:

அருள் அண்ணா சொல்வது சரி. இப்போதைக்குப் பொத்தானில் 'பேசி முடித்தேன்' என்று வைத்திருக்கிறேன். கையேட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பொத்தானின் `callback_data`-இல் மட்டும் `done` என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே 64 பைட்டுக்கு மேல் போகக்கூடாது, தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட் ஆகிறது. கையளிப்பு என்ற ஒரு சொல்லே 27.

செந்தில் அண்ணா, உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். காத்திருப்பில் இருக்கும் ஒருவர் நடுவில், "நாளைக்கு பிசிக்ஸ் எத்தனை மணி" என்று கேட்டால் பாட் பதில் சொல்லலாமா, அல்லது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

செந்தில் எழுதியது:

நேர அட்டவணை மட்டும் என்றால் சொல்லட்டும். பீஸ் என்ற சொல் வந்தால் வேண்டாம். ஆனால் ஒரே செய்தியில் இரண்டையும் கேட்பார்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதம் ஓட்டி, காத்திருப்பில் வரும் செய்திகளை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.