பதவி இறங்கியதை அறிமுகக் குறிப்பில் எப்படி எழுதுவது?

நண்பர்களே, ஒரு கருத்தரங்குக்காக என்னைப் பற்றி இரண்டு வரி அறிமுகம் கேட்டிருக்கிறார்கள். 2019 முதல் 2023 வரை தரவுப் பிரிவின் மேலாளராக இருந்தேன். பிரிவுகளை இணைத்தபோது அந்தப் பதவி போய்விட்டது. இப்போது அதே நிறுவனத்தில் முதுநிலைப் பகுப்பாய்வாளர்.

ஆண்டு வரிசையில் எழுதினால் படிப்பவரின் கண் நேராக அந்த இறக்கத்தில்தான் விழுகிறது. "முன்னாள் மேலாளர்" என்று போட்டால், ஏன் முன்னாள் என்ற கேள்வி உடனே எழுகிறது. காரணத்தை விளக்கினாலோ அறிமுகமே மன்னிப்புக் கடிதம்போல் ஆகிவிடுகிறது.

ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்: "முதுநிலைப் பகுப்பாய்வாளரான இவர் விற்பனை முன்கணிப்பு மாதிரிகளை உருவாக்குகிறார். 2019 முதல் இதே நிறுவனத்தில் பணியாற்றுபவர்; அதன் தரவுக் குழுவை உருவாக்கி, 2023 வரை வழிநடத்தினார்."

இன்றைய வேலை முதலில் வருகிறது. பழைய பொறுப்பு பதவிப் பெயராக இல்லாமல், செய்த செயலாக நிற்கிறது. வேலைக்கான சுயவிவரத்தில் இரு பதவிகளையும் தேதியோடு தனித்தனியாகத்தான் தருவேன். சரிபார்ப்பில் முரண்பாடு தெரிந்தால் நம்பிக்கையே போய்விடும்.

என் தயக்கம் "2023 வரை" என்பதில்தான். எடுத்துவிட்டால் இன்னும் நானே வழிநடத்துவதாக யாரேனும் நினைப்பார்களா? வைத்தால் கவனம் அங்கேயே போகுமா? ஆட்களைத் தேர்வு செய்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.